பல்ப் எரியட்டும், படம் வெளுக்க வேண்டாம்: மேசை விளக்கு, தொங்கு விளக்குப் படங்களில் வரும் கோளாறுகள்

கோயம்புத்தூரில் உறவினர் ஒருவர் அலங்கார விளக்குக் கடை வைத்திருக்கிறார். ஆன்லைனில் விற்க ஆரம்பித்தபோது படம் எடுத்துக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார். முதலில் மேசைமேல் வந்தது ஒரு பித்தளைத் தண்டு விளக்கு. தலையில் கோராத் துணி ஷேடு, உள்ளே 9 வாட் எல்இடி. ஜன்னல் வெளிச்சம் போதுமென்று நினைத்து ட்ரைபாடில் கேமராவை மாட்டி, ஐஎஸ்ஓ 100, f/8, அரை நொடி என்று வைத்து எடுத்தேன். பித்தளை அழகாக வந்தது. ஷேடு இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு, துணியின் இழை ஒன்றுகூடத் தெரியவில்லை. கடைப் பையன் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அண்ணா, பல்ப் எரியுதா, இல்ல அந்த எடத்த அழிச்சுட்டீங்களா?”

அன்று அரை நாள் வீணானது. அப்புறம் பல விளக்குகளை எடுத்த பிறகு புரிந்தது இதுதான்: எரியும் விளக்கின் படத்தில் இரண்டு வெளிச்சங்கள் இருக்கின்றன. ஒன்று விளக்கின் உடம்பின்மேல் நாம் போடுவது, இன்னொன்று விளக்கே தருவது. இரண்டும் தனித்தனிக் குழாய்கள். ஒரே எக்ஸ்போஷரால் இரண்டையும் சரிசெய்யப் பார்த்தால் ஒன்று வழிந்து ஓடும், இல்லாவிட்டால் மற்றது வற்றும். கீழே வரும் ஒவ்வொரு கோளாறிலும் எந்தக் குழாய் அதிகமாகத் திறந்திருக்கிறது என்பதைத்தான் தேடப்போகிறோம்.

முதலில் ஒரு சோதனை

எதையும் மாற்றுவதற்கு முன், கேமராவை அசைக்காமல், ஒரே செட்டிங்கில் மூன்று ஷாட் எடுங்கள். முதலாவதில் விளக்கை அணைத்து உங்கள் வெளிச்சத்தை மட்டும் வையுங்கள். இரண்டாவதில் உங்கள் வெளிச்சத்தை அணைத்து, ஜன்னலை மூடி, விளக்கை மட்டும் எரியவிடுங்கள். மூன்றாவதில் இரண்டும் இருக்கட்டும். கோளாறு முதல் படத்திலேயே இருந்தால் பல்பைக் குறைசொல்லிப் பயனில்லை, உங்கள் லைட்டிங்தான் காரணம். இரண்டாவதில் இருந்தால் பல்ப் பக்கம் வேலை இருக்கிறது. முதல் இரண்டும் நன்றாக இருந்து மூன்றாவது மட்டும் கெட்டிருந்தால், இரண்டும் சேரும் இடத்தில் சிக்கல். பெரும்பாலும் அது நிறச் சிக்கலாக இருக்கும்.

ஷேடு இருக்கும் இடத்தில் வெள்ளை ஓட்டை

அதிகம் வரும் கோளாறு இது. எவ்வளவு வித்தியாசம் என்று முதலில் அளந்துவிடுங்கள். கேமராவில் ஸ்பாட் மீட்டரிங் போட்டு, அப்பர்ச்சரை f/8-ல் நிறுத்தி, மேசைப் பரப்பைப் பார்த்து ஒரு ரீடிங், எரியும் ஷேட்டின் நடுவைப் பார்த்து ஒரு ரீடிங் எடுங்கள். அன்று எனக்கு மேசை 1/2 நொடி காட்டியது, ஷேடு 1/60 காட்டியது. பாதி பாதியாக எண்ணுங்கள்: 1/2, 1/4, 1/8, 1/15, 1/30, 1/60. ஐந்து படி, அதாவது ஐந்து ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு, ஐந்து என்றால் 32 மடங்கு. மேசைக்கு எக்ஸ்போஷர் வைத்தால் ஷேடு 32 மடங்கு தூக்கலாக விழும். மீட்டர் குறிவைப்பது நடுச் சாம்பல், அதற்கு மேலே மூன்று ஸ்டாப் தாண்டினாலே வழக்கமாகக் கேமரா வெள்ளை காட்டிவிடும். பிறகு துணி இழைக்கு எங்கே போவது?

விளக்கு எரிகிறது என்று கண் நம்ப ஐந்து ஸ்டாப் தேவையே இல்லை. என் அனுபவத்தில், ஷேடு சுற்றுப்புறத்தைவிட ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் கூடுதலாக இருந்தால் போதும். ஆக, இடையில் இருக்கும் மூன்றரை ஸ்டாப்பை எங்காவது குறைக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி இருக்கிறது.

ஃபிளாஷ் இல்லாதவர்களுக்கு மலிவான வழி, பல்பையே மாற்றுவது. நம் ஊர் எலெக்ட்ரிக்கல் கடைகளில் ‘ஜீரோ வாட்’ என்று கேட்டால் அரை வாட் எல்இடி பல்ப் கொடுப்பார்கள். 9 வாட் பல்புக்குப் பதில் அதை மாட்டினால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு ஸ்டாப் இறங்கும். அதே அரை நொடி, அதே ஜன்னல் வெளிச்சம், ஆனால் ஷேட்டில் துணியின் நெசவு தெரியும். பல்ப் ஷேடுக்குள் மறைந்திருப்பதால் அதன் உருவம் பற்றிக் கவலை இல்லை. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். நிறம் ‘வார்ம் ஒயிட்’ ஆக இருக்க வேண்டும், சிவப்பும் பச்சையும் நீலமும் கலந்து கிடக்கும் பெட்டியில் கையை விட்டு எடுத்துவராதீர்கள். அடுத்தது ஹோல்டர். ஜீரோ வாட் பல்புகள் பெரும்பாலும் பின் ஹோல்டருக்கானவை, அலங்கார விளக்குகளில் திருகு ஹோல்டர் அதிகம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அடாப்டர் கிடைக்கும், ஒன்று வாங்கிப் பையில் போட்டுவையுங்கள். மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது.

இன்னொரு வழி ஃபிளாஷ். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃபிளாஷ் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் மிகக் குறைவாக மின்னி முடிந்துவிடும். ஷட்டர் 1/160 திறந்திருந்தாலும் 1/25 திறந்திருந்தாலும் ஃபிளாஷ் தரும் அளவு மாறாது. பல்போ ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க ஊற்றிக்கொண்டே இருக்கும். எனவே உடம்பின் வெளிச்சத்தை ஃபிளாஷ் பவராலும், பல்பின் வெளிச்சத்தை ஷட்டராலும் தனித்தனியே கட்டுப்படுத்தலாம். அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்தே மாற்றும் என்பதால் அவற்றை ஒருமுறை வைத்துவிட்டுத் தொடாதீர்கள்.

அதே விளக்கை இப்படி எடுத்தேன். 9 வாட் பல்பே இருந்தது. விளக்கை அணைத்து, ஒரு பக்கம் சாஃப்ட்பாக்ஸ், மறுபக்கம் பித்தளையில் வெள்ளைக் கோடு விழ ஒரு தெர்மாக்கோல் அட்டை வைத்து, f/8-ல் உடம்பு சரியாக வரும்வரை ஃபிளாஷ் பவரைத் திருகினேன். பிறகு விளக்கைப் போட்டு ஷட்டரை மட்டும் மாற்றினேன். ஷேடு நடுச் சாம்பலாக வருவதற்கு 1/60 என்று மீட்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அதைவிட ஒன்றேகால் ஸ்டாப் தூக்க 1/25. முடிந்தது. 1/25-ல் ஜன்னல் வெளிச்சம் படத்தில் ஏறக்குறைய ஒன்றும் செய்யாது என்பது கூடுதல் வசதி.

இரண்டு வழியையும் செய்த பிறகும் ஷேட்டின் நடுவில் மட்டும் பல்ப் வட்டமாகத் தெரிந்தால், பல்ப் துணிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எல்இடியாக இருந்தால், ஒரு பட்டர் பேப்பரைக் குழாய்போல் சுருட்டி, பல்பைத் தொடாமல் அதைச் சுற்றி நிறுத்துங்கள். ஒளி பரவி வட்டம் கரைந்துவிடும். இழை பல்பு, அதாவது பழைய குண்டு பல்பு என்றால் இந்த வேலையே வேண்டாம், காகிதம் பற்றிக்கொள்ளும்.

ஹிஸ்டோகிராம் சரி, ஆனாலும் ஷேட்டில் மஞ்சள் திட்டு

கேமரா திரையில் ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தைத் தொடவில்லை. கணினியில் திறந்தால் ஷேட்டின் ஓரம் ஆரஞ்சு, உள்ளே போகப் போகத் தட்டையான மஞ்சள், நடுவில் வெளிர் மஞ்சள். துணிபோல் இல்லை, ஸ்கெட்ச் பேனாவால் பூசியதுபோல் இருக்கும். வெள்ளை ஹிஸ்டோகிராம் மொத்த வெளிச்சத்தின் கணக்கு. பல்பின் மஞ்சள் ஒளியில் சிவப்பு மிக அதிகம், எனவே மொத்தம் சரியாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் வழிந்திருக்கும். சிவப்பு உச்சத்தில் நின்றுவிட, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போவதால்தான் ஆரஞ்சு மஞ்சளாகிறது. அதன்பின் நீலமும் ஏறினால் வெள்ளை.

கேமராவில் மூன்று நிற ஹிஸ்டோகிராமைப் போட்டுக்கொண்டால் அங்கேயே தெரிந்துவிடும். ரா ஃபைலில் எடுத்திருந்தால், தலையில் கை வைப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினிலிருந்து 3000-க்கு இறக்கிப் பாருங்கள். பகல் ஒளிக்கான ஒயிட் பேலன்ஸ் சிவப்பைப் பெருக்கித் தருகிறது. சென்சாரில் வழியாத சிவப்பு அந்தப் பெருக்கலில் வழிந்திருக்கலாம். இறக்கியதும் நெசவு திரும்பி வந்தால் பிழைத்தீர்கள். தட்டையாகவே இருந்தால் சென்சாரே நிரம்பிவிட்டது, ஷட்டரை ஒரு ஸ்டாப் வேகமாக்கித் திரும்ப எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஜேபெக்கில் மட்டும் எடுத்திருந்தால் முதல் வாய்ப்பும் கிடையாது.

விளக்கு எரிகிறது, படத்தில் எரிவதுபோல் இல்லை

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர். ஃபிளாஷ் வைத்திருப்பவர்களுக்குத்தான் வரும். ஃபிளாஷ் என்றாலே 1/160 என்று கை தானாகப் போய் நிற்கும். அந்த வேகத்தில் மேலே சொன்ன ஷேடு நடுச் சாம்பலைவிட ஒன்றரை ஸ்டாப் கீழே விழும். பல்ப் எரிந்தும் துணி அழுக்குப் பழுப்பாக நிற்கும். கடைக்காரர்கள் இதைப் பார்த்தால், “பல்ப் ஃபியூஸா?” என்றுதான் கேட்பார்கள். 1/60, 1/25, 1/13 என்று இறங்கிக்கொண்டே வாருங்கள், உடம்பு அப்படியே இருக்க ஷேடு மட்டும் பூத்து வருவதைப் பார்க்கலாம்.

இறங்க இறங்க எல்லாம் ஆரஞ்சாகிக்கொண்டே வருகிறதா? ஃபிளாஷுக்குள் தொடர்ந்து எரியும் மாடலிங் லாம்ப்பை அணைக்க மறந்திருப்பீர்கள். வேகமான ஷட்டரில் அது தெரியாது, 1/13-ல் படம் முழுக்கப் பூசிவிடும். அறை ட்யூப் லைட்டும் அப்படித்தான்.

உடம்பு நீலம், ஷேடு ஆரஞ்சு

ஃபிளாஷ் சுமார் 5500 கெல்வின், வார்ம் ஒயிட் பல்ப் சுமார் 2700. ஒன்றுக்கு ஒயிட் பேலன்ஸ் வைத்தால் மற்றது கெடும். ஃபிளாஷ் முகத்தில் அரை அளவு ஆரஞ்சு ஜெல், கடையில் ‘ஹாஃப் சிடிஓ’ என்று கேட்க வேண்டும், ஒட்டிவிட்டால் அது 3800 பக்கம் இறங்கிவிடும். கேமராவையும் 3800-ல் வையுங்கள். வெள்ளைப் பீங்கான் வெள்ளையாகவும், ஷேடு இதமான மஞ்சளாகவும் வரும். முழு ஜெல் போட்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள், ஷேடும் வெள்ளையாகிவிட்டால் வீட்டு விளக்கின் இதம் போய் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும்.

குறுக்கே பட்டைகள், அல்லது ஷாட்டுக்கு ஷாட் பல்ப் வேறு வெளிச்சம்

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி பல்ப் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும், கண்ணுக்குத் தெரியாது. 1/160-ல் ஷட்டர் ஒரு முழு ஏற்ற இறக்கத்தைக்கூடப் பிடிப்பதில்லை, எனவே ஒரு ஷாட்டில் உச்சி மாட்டும், அடுத்ததில் பள்ளம் மாட்டும். ஷட்டரை 1/100, 1/50, 1/25 என்று வைத்தால் முழு எண்ணிக்கையாக ஏற்ற இறக்கங்கள் உள்ளே வந்துவிடும், எல்லா ஷாட்டும் ஒன்றுபோல் இருக்கும். 1/25 என்று நான் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். பட்டை பட்டையாக வந்தால் சைலன்ட் ஷட்டர் ஆன் ஆகியிருக்கும், அதை அணைத்து மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள்.

பல்ப் வெளிச்சத்தைக் குறைக்கிறேன் என்று ஃபேன் ரெகுலேட்டரில் எல்இடியை மாட்டும் பழக்கமும் இருக்கிறது. டிம் செய்யக்கூடியது என்று அட்டைப்பெட்டியில் போட்டிராத எல்இடி பல்பை ரெகுலேட்டரிலோ டிம்மரிலோ மாட்டினால், மினுக்கல் அதிகமாகும், பல்பும் சீக்கிரம் போய்விடும். குண்டு பல்பு டிம்மரில் ஒழுங்காக இறங்கும், ஆனால் இறங்க இறங்கச் சிவக்கும். மேலே சொன்ன மஞ்சள் திட்டுக் கோளாறை அது இன்னும் கூட்டும்.

தெளிந்த கண்ணாடித் தொங்கு விளக்கில் இழை வெறும் வெள்ளைக் கோடு

இதுவரை சொன்னதெல்லாம் பல்ப் மறைந்திருக்கும் விளக்குகளுக்கு. இப்போது காஃபிக் கடைகளில் தொங்கும், மணி வடிவக் கண்ணாடிக்குள் இழை தெரியும் 4 வாட் எல்இடி போட்ட விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் வாங்குவதே அந்த இழையின் அழகுக்காகத்தான். ஆனால் துணி ஷேடு ஒளியைப் பெரிய பரப்பில் பரப்புகிறது, இங்கோ மொத்த ஒளியும் தீக்குச்சி கனத்துக் குச்சிகளிலிருந்து வருகிறது. என் கணக்குப்படி, கோராத் துணி ஷேட்டைவிட அந்த இழை எட்டு ஸ்டாப்புக்கு மேல் தூக்கல். f/11, ஐஎஸ்ஓ 100-ல் இழையின் உருவம் தெரிய 1/2500 பக்கம் போக வேண்டும். அந்த வேகத்தில் சாதாரணமாக ஃபிளாஷ் ஒத்துழைக்காது. ஒரே ஷாட்டில் முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, தனித்தனியாக எடுத்துச் சேர்ப்பதுதான் வழி.

எடுப்பதற்கு முன் விளக்கைக் கட்டிப்போடுங்கள். தொங்கும் பொருள் நிற்கவே நிற்காது. ஃபேனையும் ஏசியையும் அணைத்த பிறகும் ஆடும். விளக்கின் பின்பக்கத்தில், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், தங்கூசி நரம்பு ஒன்றைக் கட்டிப் பின்னால் ஒரு ஸ்டாண்டுக்கு இழுத்துவிட்டால் அசையாது. ஒயரில் இருக்கும் ஸ்விட்சைத் தொடாதீர்கள், சுவரில் உள்ள போர்டில் போட்டு அணையுங்கள். ஷட்டரைக் கையால் அழுத்தாமல் இரண்டு நொடி டைமரில் விடுங்கள். ஃபோகஸை ஒருமுறை பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

முதல் ஷாட், உடம்பு. விளக்கு அணைந்திருக்கட்டும், ஃபிளாஷ் மட்டும். f/11, ஐஎஸ்ஓ 100, 1/160. கண்ணாடியின் விளிம்பு, உலோக மூடி, ஒயர் எல்லாம் இதில் சரியாக வர வேண்டும். கண்ணாடியில் சாஃப்ட்பாக்ஸ் சதுரமாகப் பிரதிபலித்தால் இப்போதே தள்ளிவையுங்கள், பின்னால் அழிப்பது பெரிய வேலை.

இரண்டாவது, ஒளிவட்டம். ஃபிளாஷை அணைத்து, ஜன்னலை மூடி, விளக்கைப் போடுங்கள். 1/5 நொடியில் தொடங்கிப் பாருங்கள். இழை பயங்கரமாக வெளுக்கும், வெளுக்கட்டும். இந்த ஷாட்டில் வேண்டியது கண்ணாடியின் உட்புறத்தில் விழும் மினுமினுப்பும், சுவரிலும் மேசையிலும் படரும் வெளிச்சமும்தான். அறை நிஜமாகவே இருட்டாக இருக்க வேண்டும். டிவியின் சிவப்புப் புள்ளிகூட இதில் வந்து உட்காரும்.

மூன்றாவது, இழை. விளக்கு எரியட்டும், ஷட்டர் 1/2500. மினுக்கலால் ஒன்று தூக்கலாகவும் ஒன்று மங்கலாகவும் வரும், பத்துப் பன்னிரண்டு ஷாட் எடுத்து நல்லதைப் பொறுக்குங்கள். ஒளியை 64 மடங்கு குறைக்கும் என்டி ஃபில்டர் இருந்தால் 1/50-லேயே எடுத்துவிடலாம், மினுக்கலும் தொந்தரவு செய்யாது. ஆனால் ஃபில்டரைத் திருகும்போது கேமரா ஒரு மயிரிழை நகர்ந்துவிடும், கவனம்.

போட்டோஷாப்பில் உடம்பு ஷாட் அடியில். அதன்மேல் ஒளிவட்ட ஷாட், பிளெண்டிங் மோட் `Screen`. இருட்டான இடம் ஒன்றும் செய்யாது, வெளிச்சமான இடம் கூடும், வெளிச்சங்கள் நிஜத்திலும் அப்படித்தான் சேர்கின்றன. `Linear Dodge (Add)` என்று இன்னொன்று உண்டு, அது கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கூட்டி மறுபடி வெளுக்கவைக்கும், எனவே `Screen` எனக்குப் பிடித்தது. அந்த லேயரின் `Opacity` இப்போது உங்கள் டிம்மர். 100-லிருந்து 60-க்கு இறக்கினால் விளக்கு மங்கும், உடம்புக்கு ஒன்றும் ஆகாது. கடைக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, “இவ்வளவு போதுமா?” என்று கேட்டு நிறுத்தலாம், திரும்ப எடுக்கவேண்டியதில்லை. நிறமும் அப்படியே. உடம்பு ஷாட்டை 5500-லும் ஒளிவட்ட ஷாட்டை 3400-லும் தனித்தனியாக டெவலப் செய்து கொண்டுவந்தால், ஜெல்லே தேவைப்படாது.

இழை ஷாட் எல்லாவற்றுக்கும் மேலே, `Normal` மோடில். அதற்கு ஒரு கருப்பு மாஸ்க் போட்டு, மென்மையான வெள்ளைப் பிரஷால் இழை இருக்கும் இடத்தை மட்டும் திறந்துவிடுங்கள். பல்பின் கண்ணாடி முழுவதையும் திறந்தால் பல்புக்குள் கருப்பு இறங்கி, ஒளிவட்டத்துக்கு நடுவில் ஓர் இருட்டுக் கூண்டு தெரியும். அப்படித் தெரிந்தால் பிரஷைப் பெரிதாக்கி விளிம்பைக் கரையுங்கள், லேயரை 70 பக்கம் இறக்குங்கள். இழை கொஞ்சம் வெளுப்பாகவே இருக்கட்டும். ஒவ்வொரு குச்சியையும் எண்ணிவிடும்படி இருந்தால் அது எரியும் விளக்கின் படம் அல்ல, பல்பின் வரைபடம். நான் முதலில் செய்த நாலைந்து படங்கள் அப்படித்தான் இருந்தன, கடை உறவினர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டார்: “தம்பி, இது எரியற மாதிரியே இல்லைங்க.”

சேர்த்த பிறகு 200 சதவீதம் பெரிதாக்கி ஒயரைப் பாருங்கள். ஒயருக்கு இரட்டைக் கோடு தெரிந்தால் ஷாட்டுகளுக்கு நடுவே விளக்கு ஆடியிருக்கிறது. ஒரு பிக்சல், இரண்டு பிக்சல் என்றால் லேயர்களைத் தேர்ந்தெடுத்து `Auto-Align Layers` கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் விளக்கு மட்டும் ஆடிச் சுவர் நிலையாக இருந்தால் அது பெரும்பாலும் குழம்பிவிடும், தங்கூசியை இறுக்கிக் கட்டித் திரும்ப எடுப்பது வேகமான வேலை.

பச்சைப் புள்ளிகள், பனிமூட்டம்

படத்தின் எதிர்ப்பக்கத்தில் பல்பின் உருவம் தலைகீழாகச் சின்னப் பச்சைப் புள்ளியாக மிதந்தால், லென்ஸ் முன்னால் இருக்கும் யுவி ஃபில்டரைக் கழற்றுங்கள், பெரும்பாலும் அதோடு போய்விடும். விளக்கைச் சுற்றி மட்டுமல்லாமல் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் கருமை வெளுத்திருந்தால் லென்ஸில் விரல்ரேகை இருக்கும். மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு அதே ஷாட்டை எடுங்கள். போனில் எடுப்பவர்கள் ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்பும் துடைக்க வேண்டும், போன் லென்ஸ் சட்டைப்பையிலேயே வாழ்கிறது.

போனில் எடுத்தால் இன்னொன்றும் உண்டு. எரியும் ஷேட்டின்மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, கீழே இழுத்துக் குறைத்துக்கொள்ளுங்கள். உடம்பு இருட்டானால் ஜன்னல் பக்கம் விளக்கை நகர்த்துங்கள், எதிர்ப்பக்கம் தெர்மாக்கோல் வையுங்கள். ஜீரோ வாட் வழியும் போனுக்கு அப்படியே பொருந்தும்.

வெள்ளைப் பின்னணியில் ஷேடு காணாமல் போகிறது

பல விற்பனைத் தளங்கள் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி கேட்கின்றன. அங்கே எரியும் விளக்கு தோற்றுப்போகும். வெள்ளைக்கு மேல் வெள்ளை கிடையாது, பின்னணி 255-ல் இருக்கும்போது ஷேடு அதைவிட வெளிச்சமாகத் தெரிவதற்கு இடமே இல்லை. ஒளிவட்டமும் வெள்ளைக்குள் கரைந்துவிடும். ஷேட்டை வேண்டுமென்றே இறக்க வேண்டும். மேலே சொன்ன முறையில் எடுத்து, ஷேட்டின் மிக வெளிச்சமான இடத்தில் சிவப்பு 245, பச்சை 225, நீலம் 185 பக்கம் இருக்கும்படி வைத்துப் பாருங்கள். வெளிச்சத்தால் இல்லாமல் நிறத்தால் அது பின்னணியிலிருந்து பிரியும். விளிம்பு இன்னும் கரைந்தால், எடுக்கும்போதே ஷேட்டின் இரண்டு பக்கமும், படச் சட்டத்துக்கு வெளியே, கருப்புச் சார்ட் அட்டையை நிறுத்துங்கள், விளிம்பில் மெல்லிய இருட்டுக் கோடு விழும்.

அதற்கும் சரிவராத விளக்கு ஒன்று உண்டு: வெள்ளைப் பால் கண்ணாடி உருண்டை. அதை வெள்ளைப் பின்னணியில் அணைத்தே எடுத்துவிடுகிறேன். எரியும் படத்தை இரண்டாவது படமாக, சாம்பல் சுவருக்கு முன்னால், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தொங்கவிட்டு எடுக்கிறேன். சுவருக்கு ஓரடி தூரத்தில் தொங்கவிட்டால் சுவரில் ஒரு வெள்ளை வட்டம் விழும், அப்புறம் அதற்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.